வழிந்த தொட்டியும் மூன்று விகுதிகளும்

படர்க்கையில் எழுதினால் நடுநிலைமை தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. கவிதையில் 'நான்' வந்தால் அது சுயபுலம்பல், 'அவன்' வந்தால் அது விலகல், கலை என்று பேசிக்கொள்கிறோம். இந்த நம்பிக்கை இலக்கியக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஆலைகளில், ஆஸ்பத்திரிகளில், போலீஸ் ஸ்டேஷன்களில் விபத்து பற்றி ரிப்போர்ட் எழுதும் எல்லோருக்கும் இது உண்டு. இலக்கியத்தில் இதனால் பெரிய நஷ்டம் வந்துவிடாது, ஒரு கவிதை கெடும், அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் வருகிற நஷ்டம் வேறு மாதிரியானது. ஒரு மனிதனின் வேலை போகக்கூடும்.

நான் 1983-லிருந்து பல வருஷம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியின் கீழ் குமாஸ்தாவாக இருந்தேன். விபத்து ரிப்போர்ட்டுகளை வாங்கி, ரிஜிஸ்டரில் ஏற்றி, இங்கிலீஷில் டைப்புக்குக் கொடுப்பது என் வேலை. 1984 டிசம்பரில் போபால் நடந்த பிறகு எங்கள் நிர்வாகம் சின்ன விஷயத்துக்கும் ரிப்போர்ட் கேட்க ஆரம்பித்தது. அதற்கு முன் மாதம் இரண்டு வந்தால் அதிகம், பிறகு வாரம் மூன்று. ஷிப்ட் சூப்பர்வைசர்கள் தமிழில் கையால் எழுதித் தருவார்கள். நூற்றுக்கணக்கில் படித்திருப்பேன். அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதை நான் ஒரு காலத்தில் மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் படிக்க நேர்ந்தது.

1986 ஜனவரி. இரவு ஷிப்ட். காஸ்டிக் சோடாக் கரைசலைக் கீழே இருக்கும் பெரிய தொட்டியிலிருந்து மேலே இருக்கும் நாள் தொட்டிக்குப் பம்பு வைத்து ஏற்றுவார்கள். அன்று 2,000 லிட்டர் ஏற்ற வேண்டும். பம்பு மணிக்கு 4,000 லிட்டர் தள்ளும். அரை மணி நேர வேலை. அந்த அரை மணியும் ஆபரேட்டர் அங்கேயே நின்று, தொட்டியின் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் குழாயில் மட்டம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்து, கோட்டைத் தொட்டதும் பம்பை நிறுத்த வேண்டும். அன்று யாரும் நிறுத்தவில்லை. தொட்டி நிரம்பி, மூடியின் ஓரமாக வழிந்து, கீழே போய்க்கொண்டிருந்த ஹெல்பர் ஒருவரின் கழுத்திலும் இடது கையிலும் பட்டது. கண்ணில் படவில்லை என்பது அதிர்ஷ்டம். காஸ்டிக் பட்டால் முதலில் எரியக்கூட எரியாது, வழவழவென்று சோப்பு மாதிரி இருக்கும், அதற்குள் தோலைத் தின்ன ஆரம்பித்திருக்கும்.

காலையில் ஷிப்ட் சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தது இது:

"நான் இரவு 1.45 மணிக்கு காஸ்டிக் பகுதிக்குச் சென்றேன். 1.50-க்கு ஆபரேட்டர் பம்பு போட்டதைப் பார்த்தேன். 2.05-க்கு பில்டர் பிரஸ்ஸில் துணி கிழிந்ததால் ஆபரேட்டர் அங்கு அனுப்பப்பட்டார். அச்சமயம் பம்பு கவனிக்கப்படவில்லை. 2.20-க்குத் தொட்டி நிரம்பி வழிந்து ஹெல்பர் மீது பட்டது. ஷிப்ட் சூப்பர்வைசர் உடனே ஓடிச்சென்று பம்பை நிறுத்தி, ஹெல்பரை ஷவரின் கீழ் நிறுத்தி 20 நிமிடம் தண்ணீர் விடச் செய்தார்."

மேலோட்டமாகப் படித்தால் இதில் குற்றம் ஒன்றும் தெரியாது. நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, வரிசை இருக்கிறது. பாதுகாப்பு அதிகாரிகூட "நல்ல ரிப்போர்ட்" என்று ஓரத்தில் எழுதினார். ஆனால் வினைமுற்றுகளை மட்டும் தனியாக எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். சென்றேன், பார்த்தேன். பிறகு அனுப்பப்பட்டார், கவனிக்கப்படவில்லை. கடைசியில் செய்தார். ஆறு வாக்கியத்துக்குள் எழுதியவர் மூன்று ஆளாகிவிட்டார். சும்மா நடந்து போன இடத்தில் அவர் தன்மை. பொறுப்பு என்று ஒன்று வருகிற இடத்தில் அவர் காணாமல் போய்ச் செயப்பாட்டுவினை வந்து உட்கார்ந்துவிடுகிறது. காப்பாற்றிய இடத்தில் திரும்பி வருகிறார், ஆனால் இந்தத் தடவை படர்க்கையில், 'ஆர்' விகுதி போட்டுக்கொண்டு, தமக்குத் தாமே மரியாதை கொடுத்துக்கொண்டு.

இது சூழ்ச்சி என்று நான் நினைக்கவில்லை. அந்த மனிதரை எனக்குத் தெரியும், நேர்மையானவர். நான் பார்த்த ரிப்போர்ட்டுகளில் பாதிக்கு மேல் இந்த மாதிரிதான் ஆள் மாறியிருக்கும், பெரும்பாலும் இதே இடங்களில்தான் மாறியிருக்கும். கை தானாகச் செய்கிற காரியம் இது. சூடான பாத்திரத்தைத் தொட்ட விரல் தானாகப் பின்வாங்குவது போல, சங்கடமான வாக்கியத்தில் எழுவாய் பின்வாங்கிக்கொள்கிறது.

தமிழில் இது நடப்பதில் ஒரு விசேஷம் உண்டு. நமக்கு எழுவாய் தேவையில்லை. 'நான்' என்று ஒரு தடவைகூட எழுதாமல் ஒரு பக்கம் முழுக்கத் தன்மையில் எழுதிவிடலாம், விகுதி காட்டிக் கொடுத்துவிடும். 'பார்த்தேன்' என்றால் பார்த்தது யார் என்ற கேள்வியே இல்லை. ஆகவே தமிழில் ஒளிய விரும்புகிறவன் எழுவாயை விழுங்கினால் போதாது, வினையையே மாற்ற வேண்டும். அதற்கு வசதியாகப் 'படு' இருக்கிறது. இந்தப் 'படு' பேச்சில் அபூர்வம். "பம்பு கவனிக்கப்படவில்லை" என்று எந்த ஆபரேட்டரும் வாயால் சொல்லமாட்டார். "யாரும் பார்க்கலை ஸார்" என்பார், அல்லது "நான் பார்க்கலை" என்பார். நம் ஆபீஸ் எழுத்தில் 'படு' இத்தனை பெருகியதற்கு இங்கிலீஷ் பழக்கம் பெரிய காரணம் என்பது என் எண்ணம். ரிப்போர்ட்டில் 'பட்டது' வந்தால் நான் பென்சிலை எடுத்துக்கொள்வேன். எல்லாச் செயப்பாட்டுவினையும் கெட்டதல்ல. "ஹெல்பர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்" என்பதில் யார் சேர்த்தது என்பது யாருக்கும் முக்கியமில்லை. யார் என்பது முக்கியமாக இருக்கும் இடத்தில் வந்தால்தான் அது சந்தேகம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். தமிழ் ரிப்போர்ட் இங்கிலீஷில் டைப் ஆனது. டைப் செய்தவர் வாக்கியங்களைச் சுருக்கிக்கொண்டே போனார். "ஆபரேட்டர் அங்கு அனுப்பப்பட்டார்" என்பது, ஆபரேட்டர் பில்டர் பிரஸ்ஸுக்குப் போயிருந்தார் என்ற பொருளில் ஒரு வாக்கியமாயிற்று. "பம்பு கவனிக்கப்படவில்லை" என்பது, பம்பு கவனிப்பாரின்றி விடப்பட்டது என்றாயிற்று. இரண்டையும் சேர்த்துப் படித்த மேலதிகாரிக்கு, ஆபரேட்டர் பம்பை விட்டுவிட்டுப் போனார் என்று அர்த்தமாயிற்று. மூன்று கை மாறியதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளில்லாத வினை, பக்கத்தில் இருந்த முதல் ஆள் மேல் போய் ஒட்டிக்கொண்டது. நாலாம் நாள் ஆபரேட்டருக்குச் சார்ஜ் ஷீட் வந்தது, பணியிடத்தை அனுமதியின்றி விட்டு நீங்கியதற்கு.

ஹெல்பர் ஒன்பது நாள் வேலைக்கு வரவில்லை. அப்போது நடப்பிலிருந்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 88-ஆம் பிரிவுப்படி, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயம் என்றால் அரசுக்கு நோட்டீஸ் போக வேண்டும். அதனால் பாதுகாப்பு அதிகாரி முழு விசாரணை செய்ய வேண்டியதாயிற்று. வாக்குமூலம் எழுதிக்கொள்ள என்னை அனுப்பினார்.

ஹெல்பரிடம் ஏற்கெனவே டைம் ஆபீஸில் ஒரு வாக்குமூலம் வாங்கியிருந்தார்கள். அதில் இந்த வரி இருந்தது: "ஆபரேட்டரும் சூப்பர்வைசரும் தொட்டியருகில் பேசிக்கொண்டிருந்தனர். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னார்." இதைப் போல ஒரு வரியை எழுதிவிட்டு எப்படி நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று தெரியவில்லை. சொன்னவர் யார்? இரண்டு பேருக்கும் 'ஆர்' பொருந்தும். உள்ளே இருக்கிற 'நான்' யார்? வாக்குமூலம் கொடுத்த ஹெல்பரே ஒரு 'நான்', அவருக்குள் இன்னொரு 'நான்'. மேற்கோள் குறி கிடையாது. தமிழில் 'என்று' போட்டுவிட்டால் அதற்கு முன்னால் வருவது சொன்னவரின் வாய்ச்சொல்லாக அப்படியே நிற்கும், ஆளை மாற்ற வேண்டியதில்லை. பேச்சில் குரலும் கையும் சேர்ந்து புரிய வைத்துவிடும். காகிதத்தில் அவை இல்லை. நேர்கூற்றை விட்டு அயற்கூற்றில் எழுதியிருந்தால் 'தான்' வந்து காப்பாற்றியிருக்கும். "சூப்பர்வைசர், பம்பைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்." இந்தத் 'தான்' வாக்கியத்தின் எழுவாயைத் தவிர வேறு யாரையும் காட்டாது. இங்கிலீஷில் இதற்குச் சமமான சொல் கிடையாது. அங்கே 'அவர் அவர் பார்த்துக்கொள்வதாக' என்று எழுதிவிட்டு முழிக்க வேண்டும். இவ்வளவு நல்ல கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ரிப்போர்ட்டில் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

ஹெல்பரை ஆஸ்பத்திரியில் பார்த்துக் கேட்டேன். "பார்த்துக்கறேன்னு சொன்னது யாருண்ணே?" என்றேன். "சூப்பர்வைசர் ஐயாதான். அவர் நிறுத்தட்டுங்களான்னாரு. இவரு வேணாம்ப்பா, நான் பார்த்துக்கறேன், நீ போன்னாரு" என்றார். அவர் வாக்கியத்தில் 'அவர்', 'இவர்' இரண்டுமே கச்சிதமாக வேலை செய்தன. டைம் ஆபீஸ் குமாஸ்தாதான் அதை 'பேசிக்கொண்டிருந்தனர்' என்று மாற்றி ஆளை அழித்திருந்தார்.

பிறர் வாயில் 'நான்' என்று எழுதுவது ஒரு தனிச் சங்கடம். போலீஸ் விசாரணையில் சாட்சிகள் சொல்வதை எழுதிக்கொள்வதும் இப்படித்தான். குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 161-ஆம் பிரிவில் எழுதப்பட்டு வந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 180-ஆம் பிரிவு. வாக்குமூலம் 'நான்' என்று ஆரம்பிக்கும், ஆனால் அதில் சொன்னவர் கையெழுத்துப் போடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. எழுதிய கை வேறு, 'நான்' வேறு என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஆலை வாக்குமூலங்களில் அந்த ஜாக்கிரதை இல்லை. "நான் பணியின் நிமித்தம் மேற்படி பகுதியைக் கடந்து செல்லுங்கால்" என்று எழுதிக் கீழே கைநாட்டு வாங்கிவிடுவார்கள். 'செல்லுங்கால்' என்று அந்த ஹெல்பர் ஆயுளில் ஒரு தடவை சொல்லியிருப்பாரா?

பிறகு சூப்பர்வைசரிடம் போனேன். ரிப்போர்ட்டைக் காட்டி, "அனுப்பப்பட்டார்னு இருக்கு ஸார், அனுப்பினது யாரு?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நான்தான். அது தெரியாதா? வேற யார் அனுப்புவா?" என்றார். அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். ரிப்போர்ட்டின் மேலே தம் பெயர் இருக்கிறது, கீழே கையெழுத்து இருக்கிறது, நடுவில் நடந்ததெல்லாம் தாம் செய்ததாகத்தான் யாரும் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கிறார். "அப்ப கடைசியில 'ஷிப்ட் சூப்பர்வைசர்'னு இருக்கே, அது யாரு ஸார்?" என்றேன். சிரித்துவிட்டார். "நான் காப்பாத்தினேன்னு நானே எழுதிக்கறது நல்லாவா இருக்கும்?" என்றார்.

இது நியாயமான கூச்சம். 'நான்' என்று பெருமையைச் சொல்ல நமக்குக் கூச்சம், 'நான்' என்று தவற்றைச் சொல்ல நமக்குப் பயம். இரண்டுக்கும் நடுவில் 'நான்' என்பதற்கு மிஞ்சுகிற வேலை ரவுண்டு போவதும் மணி பார்ப்பதும்தான். ஆனால் படர்க்கைக்கு ஓடினால் தமிழில் இன்னொரு பொறி இருக்கிறது. இங்கிலீஷ்காரன் தன்னைப் படர்க்கையில் எழுதும்போது மரியாதை பற்றி யோசிக்க வேண்டாம். நாம் 'செய்தார்' என்றா, 'செய்தான்' என்றா எழுதுவது? ஒருவர் தம்மையே 'ஓடிச்சென்றார்' என்று எழுதுவதைப் படிக்கும்போது கல்வெட்டில் மெய்க்கீர்த்தி படிப்பது போல் இருக்கிறது. பிறரை எழுதும்போதும் இதே தொல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த பழைய ரிஜிஸ்டர்களில் மேனேஜர் 'வந்தார்', ஹெல்பர் 'விழுந்தான்'. ஒரே விபத்தில், ஒரே வாக்கியத்தில். படர்க்கையைத் தேர்ந்தால், எல்லோருக்கும் ஒரே விகுதி என்று முதல் வரியிலேயே முடிவு செய்துகொண்டு கடைசி வரை காப்பாற்ற வேண்டும்.

பன்மையும் உதவாது. 'நாங்கள் பம்பை நிறுத்தினோம்' என்றால் சுவிட்சில் இருந்தது எத்தனை கை? 'நாம்' என்றாலோ படிக்கிற மேலதிகாரியும் அன்றிரவு அங்கே நின்றிருந்ததாகிவிடும்.

சூப்பர்வைசர் அன்றே திரும்ப எழுதினார். பழையதைக் கிழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதை அப்படியே வைத்து, புதியதைத் தேதியும் நேரமும் போட்டுப் பின்னால் சேர்த்தோம். கிழித்திருந்தால் பின்னால் யோசித்து எழுதியது என்று சொல்லிவிடுவார்கள், இரண்டும் இருந்தால் எது எப்போது எழுதப்பட்டது என்பதாவது தெரியும். புதியது இது:

"நான் இரவு 1.45-க்கு காஸ்டிக் பகுதிக்குப் போனேன். 1.50-க்கு ஆபரேட்டர் பம்பு போட்டதைப் பார்த்தேன். 2.05-க்கு பில்டர் பிரஸ்ஸில் துணி கிழிந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆபரேட்டரை அங்கே போகச் சொன்னேன். பம்பை நிறுத்தட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம், பம்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். 2.10-க்கு பாய்லர் ஹவுஸிலிருந்து போன் வந்தது. ஆபீஸ் அறைக்குப் போய்ப் பேசினேன். பம்பை நிறுத்திவிட்டுப் போகவில்லை. தொட்டி நிரம்பியதை நான் பார்க்கவில்லை. 2.22-க்கு ஹெல்பர் கத்தியது கேட்டது. ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தினேன். ஹெல்பரை ஷவரின் கீழ் நிறுத்தி 20 நிமிடம் தண்ணீர் விட்டேன்."

முதலில் இருந்ததைவிட நீளம். விகுதியைச் சரி செய்ததால் மட்டும் அது நீளவில்லை. 'அனுப்பப்பட்டார்' என்பதை 'போகச் சொன்னேன்' என்று மாற்றியதும், சொன்னதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பது வந்தே தீர வேண்டியிருக்கிறது. 'கவனிக்கப்படவில்லை' என்பதற்கு ஆள் வந்ததும், அந்த ஆள் அப்போது எங்கே இருந்தார் என்று கேள்வி வருகிறது, போன் வருகிறது, பாய்லர் ஹவுஸ் வருகிறது. இன்னொன்றையும் கவனித்தேன். முதல் ரிப்போர்ட்டில் "2.20-க்குத் தொட்டி நிரம்பி வழிந்து" என்று உறுதியாக இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. 2,000 லிட்டர், மணிக்கு 4,000, ஆகவே 2.20 என்று அவர் மனக்கணக்குப் போட்டிருக்கிறார். தன்மைக்கு மாறியதும் அவருக்கே அது தெரிந்து, "நான் பார்க்கவில்லை" என்று எழுதினார். கண்டது, கேட்டது, கணக்குப் போட்டது மூன்றும் படர்க்கையில் ஒரே மட்டத்தில் படுத்துக்கொள்ளும். தன்மையில் ஒவ்வொன்றுக்கும் வேறு வினை தேவைப்படுகிறது.

பேச்சுத் தமிழில் கேள்விப்பட்டதற்கென்றே ஓர் 'ஆம்' இருக்கிறது: நிரம்பிச்சாம், நிறுத்தச் சொன்னாராம். ரிப்போர்ட்டில் அதைப் போட முடியாது, போட்டால் கேலி செய்வதாகப் படும். 'எனத் தெரியவருகிறது' என்று எழுதுகிறோம். யாருக்கு, எப்படித் தெரியவந்தது என்பது அதோடு போய்விடுகிறது.

அமெரிக்கப் போலீஸ்காரர்கள் வெகு காலம் தங்களை 'இந்த அதிகாரி' என்றே ரிப்போர்ட்டில் எழுதி வந்தார்கள், அதுதான் கௌரவம் என்று நினைத்து. இப்போது அங்கே பல பயிற்சிப் புத்தகங்கள் 'நான்' என்று எழுதச் சொல்கின்றன. இரண்டு அதிகாரிகள் போன இடத்தில் 'இந்த அதிகாரி' என்றால் எந்த அதிகாரி என்று கோர்ட்டில் கேட்பார்கள். 'நான்' என்றால் பெயர் அம்பலமாகுமே என்ற பயத்துக்கும் பதில் உண்டு. நாஸா 1976 முதல் ஒரு திட்டம் நடத்தி வருகிறது. விமானிகள் தங்களுக்கு நேர்ந்த ஆபத்துகளைத் தாங்களே எழுதி அனுப்புகிறார்கள், பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு விவரத்தைச் சேமித்து வைக்கிறார்கள். பெயர் போன பிறகும் 'நான்' அப்படியே இருக்கிறது. 'நான்' என்பது பெயரல்ல, பார்த்த கண் எங்கே இருந்தது என்பதன் குறிப்பு. இதைக் கவிதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னதால் எல்லா ரிப்போர்ட்டையும் தன்மையில் எழுத வேண்டும் என்பது என் கட்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே இருந்தவர் தாம் கண்டதை எழுதினால் தன்மை. அங்கே இல்லாதவர் பலர் சொன்னதைக் கோத்து எழுதினால் படர்க்கை. பாதுகாப்பு அதிகாரியின் அறிக்கை இரண்டாவது ரகம். அதில் அவர் 'நான்' என்று ஆரம்பித்தால் வாக்குமூலங்களுக்குள் இருக்கும் 'நான்'களோடு குழம்பும். அவர் படர்க்கையில்தான் எழுதினார், ஆனால் மிகச் சிரத்தையாக எழுதினார். முதல் பத்தியில் யார் யார் என்று சொல்லிவிட்டார்: ஆபரேட்டர், சூப்பர்வைசர், ஹெல்பர். அதன் பிறகு கடைசி வரை அதே மூன்று சொற்கள்தான். அழகுக்காக ஆபரேட்டரை ஓரிடத்தில் 'தொழிலாளி' என்றோ, இன்னோரிடத்தில் 'மேற்படியார்' என்றோ மாற்றவில்லை. நம்மைப் போன்றவர்களுக்குக் கை அரிக்கும், ஒரே சொல் பக்கத்துக்குப் பத்துத் தடவை வருகிறதே என்று. அங்கே சொல் மாறினால் ஆள் மாறினான் என்று அர்த்தம். சம்பவத்தில் இருந்தவரே படர்க்கையில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று பாரம் கேட்டால், 'இந்த அறிக்கையில் சூப்பர்வைசர் என்பது இதை எழுதுபவர்' என்று ஒரு வரி போட்டுவிட்டு, புகழானாலும் பழியானாலும் அந்தச் சொல்லிலேயே நிற்க வேண்டும்.

ஆபரேட்டர் மேல் இருந்த சார்ஜ் ஷீட்டை வாபஸ் வாங்கினார்கள். சூப்பர்வைசருக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். தாம் எழுதியதாலேயே வந்தது அது என்று அவருக்குத் தெரியும். என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அதன் பிறகும் அவர் ரிப்போர்ட்டுகள் தன்மையில்தான் வந்தன, ஆனால் சுருக்கமாக.

படர்க்கை அறிக்கையில்தான் இன்னொன்று வெளிப்பட்டது. தொட்டி நிரம்பினால் மூடி வழியாக வழியக் கூடாது. மேலே பக்கவாட்டில் ஓர் ஓவர்ப்ளோ பைப் உண்டு. அது மிகுதியைப் பத்திரமாகத் தரையில் கட்டிய தடுப்புத் தொட்டிக்குள் கொண்டுபோய் விட வேண்டும். அன்று அது வேலை செய்யவில்லை. காஸ்டிக் காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்தால் வெள்ளையாகக் காரை பிடிக்கும். பைப்பின் வாயை அது கிட்டத்தட்ட மூடியிருந்தது. சூப்பர்வைசரின் 'நான்' எவ்வளவு உண்மையாக எழுதினாலும் அதற்குள் இந்தப் பைப் வந்திருக்காது, அவர் அதைப் பார்த்ததே இல்லை. ஆபரேட்டரின் 'நான்'-இலும் இல்லை, ஹெல்பரின் 'நான்'-இலும் இல்லை. மூன்று பேர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூடி வழியாக ஏன் வந்தது என்று கேட்ட நாலாவது மனிதருக்குத்தான் அது தெரிந்தது.

பராமரிப்பு ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். 'ஓவர்ப்ளோ பைப் சுத்தம் செய்யப்பட்டது' என்று அச்சடித்த கட்டம் மாதாமாதம் இருந்தது. ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது, டிசம்பர் மாதத்துக்கும் இருந்தது. பெயர் எதிலும் இல்லை. அவர் அந்தக் கட்டத்தின் தலைப்பை அடித்து, 'சுத்தம் செய்தவர்' என்று சிவப்பு மையில் எழுதி, அடுத்த ரிஜிஸ்டரை அப்படியே அச்சடிக்கச் சொன்னார். அச்சாகி வந்தது. சில மாதம் பெயர் எழுதினார்கள். பிறகு அந்தக் கட்டத்தில் டிக் மட்டும் போட ஆரம்பித்தார்கள்.